மிக முதிய வயதில் இரத்த அழுத்த மாத்திரைகளைக் குறைக்கலாமா?

எண்பத்தைந்து வயதைக் கடந்து உடல் மெலிந்துவிட்ட ஒருவருக்கு வீட்டில் இரத்த அழுத்தம் 110, 105 என்று குறைவாகவே பதிவாகிறது. சில மாதங்களுக்குள் இரண்டு முறை விழுந்தும்விட்டார். இந்த நிலையிலும் பல ஆண்டுகளாக உட்கொண்டு வரும் மாத்திரைகளை அப்படியே தொடர வேண்டுமா, குறைக்கலாமா என்று எங்கள் முதியோர் மருத்துவப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் கேட்கின்றனர். அவர்களுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. குறைத்தால் பக்கவாதம் வந்துவிடுமோ என்பது ஒன்று. தொடர்ந்தால் மீண்டும் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிடுமோ என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான அச்சங்களே.

சுருக்கமான விடையை முதலில் கூறிவிடுகிறோம். இத்தகைய முதியவர் பலருக்கு மாத்திரைகளைக் குறைக்கலாம்; சிலருக்குக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் அதற்கு முன் நின்ற நிலையில் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். எந்த மாத்திரை எந்த நோய்க்காகத் தொடங்கப்பட்டது என்பதை அறிய வேண்டும். பிறகு மருத்துவரின் பொறுப்பில் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். அது ஏன் என்பதையும், எவ்வாறு செய்யப்படுகிறது என்பதையும் இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

முன்பு பொருந்திய அளவு இப்போது ஏன் மிகுதியாகிறது?

எழுபது வயதில் ஒருவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் அன்றைய உடலுக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கும். அப்போது எடை 60 கிலோ. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். சிறுநீரகங்கள் நன்கு இயங்கின. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் எடை 42 கிலோவாகக் குறைந்திருக்கலாம். காலையில் இரண்டு இட்லி, இரவில் அரைக் கிண்ணம் கஞ்சி என்று உணவு சுருங்கியிருக்கலாம். உணவு குறையும்போது உப்பும் நீரும் சேர்ந்தே குறைகின்றன. சிறுநீரகங்களின் வேகம் தளர்வதால் சில மருந்துகள் உடலில் நீண்ட நேரம் தங்குகின்றன. இவை தவிர, வாழ்வின் இறுதி ஆண்டுகளில் பலருக்கு இரத்த அழுத்தம் தானாகவே படிப்படியாக இறங்குகிறது. இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் மாத்திரைச் சீட்டு மட்டும் மாறாமல் இருந்தால், அன்று சரியாக இருந்த அளவு இன்று மிகுதியாகிவிடுகிறது.

இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. இளமையில், இரத்தக் குழாய்கள் சில நொடிகளுக்குள் இறுகி, இதயத் துடிப்பும் சற்றே கூடி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. முதுமையில் இந்த ஏற்பாடு தாமதமாகிறது. இரத்த அழுத்த மாத்திரைகள் பலவும் அதை மேலும் தளர்த்துகின்றன. எனவே படுத்திருக்கும்போது 120 இருந்த அழுத்தம் எழுந்தவுடன் 95 ஆகிவிடக்கூடும். கண் இருட்டும்; தலை சுற்றும்; கால் தள்ளாடும். சிலருக்கு இவ்வித உணர்வு எதுவும் இல்லாமலேயே முழங்கால் மடங்கி விழ நேரும். "எப்படி விழுந்தேன் என்றே தெரியவில்லை" என்று முதியவர் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

நின்ற நிலையில் அளத்தல்

வெளிநோயாளர் பிரிவில் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்த நிலையிலேயே இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது. அந்த அளவு 124/70 என்று வந்தால் எல்லாரும் மகிழ்கிறோம். ஆனால் அவர் விழுவது எழுந்து நடக்கும்போதுதான். ஆகவே விழுந்த முதியவருக்கு நின்ற நிலை அளவைப் பார்க்காமல் மாத்திரையைப் பற்றி முடிவு செய்வது சரியாகாது.

மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் கருவி இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்யலாம். முதலில் அவரை ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின் கைப்பட்டையைக் கழற்றாமல் மெதுவாக எழுந்து நிற்கச் செய்து, ஒரு நிமிடத்தில் ஒருமுறையும் மூன்று நிமிடத்தில் ஒருமுறையும் அளந்திடுங்கள். நிற்கும்போது அளக்கும் கை தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. நெஞ்சின் உயரத்தில் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஒருவர் கருவியைப் பார்க்க, மற்றொருவர் அருகில் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிட்டு, நின்றபோது பதிவான அளவை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ அதை எழுந்து நிற்கும்போது ஏற்படும் அழுத்த வீழ்ச்சி என்கிறோம். வீழ்ச்சி அவ்வளவு இல்லாவிட்டாலும், நின்ற நிலையில் மேல் எண் 110-க்குக் கீழே இருப்பது விழுந்த வரலாறு உள்ள முதியவருக்குக் கவலைக்குரியதே.

எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். காலை எழுந்தவுடன் மாத்திரைக்கு முன் ஒருமுறையும், காலை உணவும் மாத்திரையும் முடிந்து ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் அளப்பது நல்லது. உணவுக்குப் பின் செரிமானத்திற்காக இரத்தம் குடலுக்குச் செல்வதால், முதியவர்களுக்கு அந்நேரத்தில் அழுத்தம் தானாகவே இறங்கும். மாத்திரையின் வேகமும் அப்போதே உச்சத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. மூன்று அல்லது நான்கு நாள்களின் அளவுகள் போதும். நாள் முழுவதும் அளந்துகொண்டே இருக்கத் தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

எங்களிடம் வந்த பலரிடம் கண்டவற்றை ஒன்றுசேர்த்து இந்த எடுத்துக்காட்டை அமைத்துள்ளோம். 88 வயதான ஒரு மூதாட்டி மகளின் வீட்டில் வசிக்கிறார். எடை 41 கிலோ. மூன்று மாதங்களில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். இரண்டாம் முறை மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"அம்மாவுக்கு மூன்று பிரஷர் மாத்திரைதான் டாக்டர், அதிகம் இல்லை" என்றார் மகள். அட்டைகளை மேசைமேல் பரப்பிப் பார்த்தபோது மூன்றில் நான்கு மருந்துகள் இருந்தன. முதல் மாத்திரை ஒரு கூட்டு மாத்திரை. அதில் டெல்மிசார்டன் 40 மி.கிராமும், ஹைட்ரோகுளோரோதையசைடு என்னும் நீர் மருந்து 12.5 மி.கிராமும் சேர்ந்திருந்தன. இரண்டாவது அம்லோடிபின் 5 மி.கி. மூன்றாவது ஃப்யூரோசமைடு 40 மி.கி.; இதுவும் நீர் மருந்தே. இவை அனைத்தையும் காலை உணவுக்குப் பின் ஒன்றாகக் கொடுத்து வந்தனர். இரவில் உறக்கத்திற்காக அல்பிரசோலம் 0.25 மி.கி. பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது.

இந்தக் கூட்டு மாத்திரைகளைக் குடும்பத்தினர் கவனிக்க வேண்டும். மருந்தின் வணிகப் பெயருக்குப் பின்னால் வரும் 'எச்', 'ஏஎம்' போன்ற ஓரிரு எழுத்துகள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இரண்டாவது மருந்தையே குறிக்கின்றன. அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் எல்லா மருந்துகளின் பெயர்களும் இருக்கும். மாத்திரைகளை எண்ணாமல் மருந்துகளை எண்ண வேண்டும்.

எப்போது விழுந்தார் என்று கேட்டோம். இரண்டு முறையும் காலை ஒன்பதரை மணியளவில், நாற்காலியிலிருந்து எழுந்து கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்திருக்கிறார். அதைக் கேட்டவுடனேயே படம் ஓரளவு தெளிவானது. எட்டு மணிக்குக் கொடுத்த ஃப்யூரோசமைடு அவரைப் பத்து மணிக்குள் மூன்று அல்லது நான்கு முறை கழிவறைக்கு எழுப்புகிறது. உணவும் மற்ற மாத்திரைகளும் சேர்ந்து அழுத்தத்தை இறக்கும் அதே நேரத்தில் அவர் அவசரமாக எழுகிறார். படுத்த நிலையில் அவருடைய அழுத்தம் 118/64. நின்ற ஒரு நிமிடத்தில் 92/54, மூன்று நிமிடத்தில் 96/56. இரத்தத்தில் சோடியம் 127 என்று வந்தது. 135-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சோடியம் குறைந்தாலே முதியவர்களுக்கு நடை தள்ளாடும், மனம் மந்தமாகும்.

ஃப்யூரோசமைடு எதற்காகத் தொடங்கப்பட்டது என்று பழைய சீட்டுகளில் தேடினோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இரு கணுக்கால்களும் வீங்கியதற்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் அம்லோடிபின் தொடங்கப்பட்டிருந்தது. அம்லோடிபினால் கால் வீங்குவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று கருதி இன்னொரு மாத்திரை சேர்க்கப்பட்டுவிட்டது. இதயத்தின் எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாக இயங்குவது உறுதியானது. எனவே இதயச் செயலிழப்பிற்காக அந்த நீர் மருந்து தேவைப்படவில்லை என்பதும் தெளிவாயிற்று.

இனிக் குறைக்கத் தொடங்கலாம். எதை முதலில் குறைப்பது என்பதற்கு, இப்போது அதிகத் தீங்கு செய்வது எது என்பதே அளவுகோல். சோடியம் 127 என்பது காத்திருக்கக்கூடிய செய்தி அன்று. ஆகவே கூட்டு மாத்திரைக்குப் பதிலாகத் தனி டெல்மிசார்டன் 40 மி.கி. எழுதிக்கொடுத்து, அதன் மூலம் ஹைட்ரோகுளோரோதையசைடை மட்டும் நிறுத்தினோம். உப்பில்லாக் கஞ்சியை நிறுத்தி, வீட்டார் உண்ணும் அளவு உப்புடனேயே உணவு கொடுக்கச் சொன்னோம். பத்து நாளில் சோடியம் 132 ஆயிற்று. இரண்டு வாரத்தில் படுத்த நிலை அளவு 122/66, நின்ற நிலை அளவு 102/58.

அடுத்ததாக அம்லோடிபினை 2.5 மி.கிராமாகக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து நிறுத்தினோம். இம்மருந்து உடலிலிருந்து வெளியேற ஒரு வாரத்திற்கும் மேலாகும் என்பதால், நிறுத்திய மறுநாள் அளவைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கணுக்கால் வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்தது. வீக்கம் வடிந்த பின் அதற்காகக் கொடுத்த ஃப்யூரோசமைடுக்கு வேலை இல்லை. அதை 20 மி.கிராமாக்கி, இரண்டு வாரத்திற்குப் பிறகு நிறுத்தினோம். அந்த நாள்களில் மகள் தினமும் காலையில் எடை பார்த்து எழுதினார். எடை ஏறவில்லை, மூச்சுத்திணறலும் இல்லை.

மூன்று மாதங்களின் முடிவில் டெல்மிசார்டன் மட்டும் எஞ்சியிருந்தது. படுத்த நிலை அளவு 136/70, நின்ற ஒரு நிமிடத்தில் 122/66. இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டோம். இவருக்கு நீண்டநாள் இரத்த அழுத்த நோய் உண்டு; எஞ்சிய ஒன்றையும் எடுத்துவிட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. உறக்க மாத்திரையும் தள்ளாட்டத்திற்குக் காரணமாகும் என்பதால், அதைப் பின்னர்ப் பல வாரங்கள் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் குறைத்தோம்.

அவருக்குத் தலைச்சுற்றல் நின்றது. ஆயினும் ஆறாம் மாதத்தில் ஈரமான பின்கட்டில் வழுக்கி ஒருமுறை விழுந்தார். மாத்திரையைக் குறைப்பது விழுவதற்கான ஒரு காரணத்தையே நீக்குகிறது. பார்வைக் குறைவு, தொடைத் தசையின் வலுவின்மை, ஈரத் தரை, இரவில் விளக்கில்லாத நடை ஆகியவை அப்படியே இருக்கும். அவற்றைத் தனித்தனியே கவனிக்க வேண்டும்.

"பக்கவாதம் வந்துவிட்டால்?"

இக்கேள்வியை அந்த மகளும் கேட்டார். "இத்தனை வருஷம் மாத்திரையால்தானே அம்மா நன்றாக இருந்தார்? இப்போது நிறுத்திப் பக்கவாதம் வந்துவிட்டால் என்ன செய்வது டாக்டர்?" இதற்கு ஆய்வுகளின் துணையுடன் விடை கூறுவதே முறை.

எண்பது வயதைக் கடந்தவர்களுக்கும் இரத்த அழுத்த மருந்து பயன் தரும் என்பதை 2008-இல் வெளியான ஹைவெட் ஆய்வு காட்டியது. 3,845 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் மருந்து உட்கொண்டவர்களிடையே மரணம் குறைந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்களின் மேல் எண் 160 அல்லது அதற்கு மேல் இருந்தது. நின்ற நிலையில் 140-க்குக் கீழே இருந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. செவிலியர் பராமரிப்பில் வாழ்ந்த முதியோரும் சேர்க்கப்படவில்லை. மருந்தால் எட்ட முயன்ற இலக்கும் 150/80 தான். ஆக, நின்றால் 92 ஆகிவிடும் ஒரு மூதாட்டிக்கு அந்த ஆய்வின் பயனை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ந்துள்ளனர். இங்கிலாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆப்டிமைஸ் ஆய்வில், எண்பது வயதைக் கடந்த 569 பேர் பங்கேற்றனர். அனைவருக்கும் மேல் எண் 150-க்குக் கீழே இருந்தது. ஒவ்வொருவரும் இரண்டோ அதற்கு மேலோ இரத்த அழுத்த மருந்துகளை உட்கொண்டிருந்தனர். ஒரு பிரிவினருக்கு ஒரு மருந்து நீக்கப்பட்டது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவினருக்கு, அதாவது நூற்றுக்கு 86 பேருக்கும் மேல், அழுத்தம் 150-க்குள்ளேயே இருந்தது. மருந்து குறைக்கப்பட்டவர்களுக்குச் சராசரியாக மூன்று புள்ளி அளவே ஏறியது. மூவரில் இருவர் குறைத்த மருந்துடனேயே தொடர முடிந்தது. மற்றவர்களுக்கு அதை மீண்டும் தொடங்க நேர்ந்தது. குறைத்துப் பார்ப்பது திரும்ப முடியாத பாதை அன்று என்பதையும் இது காட்டுகிறது.

பிரான்சில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, எண்பது வயதைக் கடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2025-இல் வெளியானது. அவர்களது மேல் எண் 130-க்குக் கீழே இருந்தது. படிப்படியாக மாத்திரைகளைக் குறைத்த பிரிவிலும் வழக்கமான சிகிச்சைப் பிரிவிலும் மரணம் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. குறைத்ததால் ஆயுள் நீளவில்லை, குறையவும் இல்லை.

ஆகவே நாங்கள் குடும்பத்தினரிடம் கூறுவது இதுவே. மாத்திரையைக் குறைத்தால் பக்கவாதமே வராது என்று எவராலும் உறுதி கூற இயலாது. தொடர்ந்தாலும் அதே நிலைதான். 88 வயதில், அழுத்தம் 118-ஆக இருக்கும் ஒருவருக்கு நான்காவது மருந்து தரும் கூடுதல் பாதுகாப்பு மிகச் சிறியதாகவே இருக்கும். நின்றால் 92 ஆவதால் விழும் அபாயமோ இன்றைக்கே இருக்கிறது. அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் மீண்டும் தாமாக நடப்பதில்லை. இவ்விரண்டையும் எடைபோட்டே முடிவெடுக்கிறோம். அந்த முடிவில் முதியவரின் விருப்பத்திற்கும் இடம் உண்டு. "எனக்குத் தலை சுற்றாமல் பூசை அறை வரை நடந்து போக வேண்டும்" என்று அவர் சொன்னால், அதுவே சிகிச்சையின் இலக்காகலாம்.

தாமாக நிறுத்தக்கூடாத மாத்திரைகள்

இக்கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலையில் ஒரு மாத்திரையை எடுத்து வைத்துவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறோம். ஒரே மாத்திரை ஒருவருக்கு அழுத்தத்திற்காகவும் மற்றொருவருக்கு இதயத்திற்காகவும் கொடுக்கப்பட்டிருக்கும். மேற்கண்ட மூதாட்டிக்கு ஃப்யூரோசமைடு தேவையற்றதாக இருந்தது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கோ அதை நிறுத்தினால் சில நாள்களிலேயே நீர் கோத்து மூச்சுத்திணறல் வரலாம்.

மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு மிக வேகமாகலாம், நெஞ்சுவலியும் வரக்கூடும். குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் முன்பிருந்ததைவிட உயரே பாயும். உறக்க மாத்திரையைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரே நாளில் நிறுத்தினால் உறக்கமின்மையும் பதற்றமும், சில வேளைகளில் வலிப்பும் ஏற்படலாம். இவற்றையும் குறைக்க முடியும். ஆனால் அளவைச் சிறிது சிறிதாக இறக்கியே குறைக்க வேண்டும். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு நாங்கள் இன்னும் எச்சரிக்கையாகவே முடிவு செய்வோம்.

ஆண்களுக்கு இன்னொன்றையும் கேட்கிறோம். சிறுநீர் தடையின்றிப் போவதற்காகக் கொடுக்கப்படும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும். அவை பிரஷர் மாத்திரை அல்ல என்பதால் குடும்பத்தினர் அவற்றைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகின்றனர். சிறுநீரக மருத்துவர், எலும்பு மருத்துவர், மனநல மருத்துவர் ஆகியோர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளையும் கொண்டு வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

குறைத்த பின் வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஒரு மாத்திரையைக் குறைத்தபின் குறைந்தது இரண்டு வாரம் காத்திருந்தே அடுத்ததைத் தொடுகிறோம். இரண்டை ஒரே நாளில் குறைத்தால், நன்மையோ தீமையோ எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். அந்த இரண்டு வாரங்களில் வாரத்திற்கு மூன்று நாள் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நீர் மருந்தைக் குறைத்திருந்தால் தினமும் காலை ஒரே நேரத்தில் எடையையும் பாருங்கள்.

ஒரு நாள் அளவு 155 என்று வந்தால் பதற்றம் வேண்டாம்; வலி, மலச்சிக்கல், உறக்கமின்மை எதனாலும் அது ஏறலாம். உட்கார்ந்த நிலையில் மேல் எண் ஒரு வாரத்திற்கும் மேலாக 150-ஐத் தாண்டியே நின்றால் எங்களுக்குத் தெரிவியுங்கள். நீக்கிய மருந்தை மீண்டும் தொடங்குவது பற்றி அப்போது முடிவு செய்வோம். சில நிமிட ஓய்வுக்குப் பின்னும் 180-க்கு மேல் இருந்தாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே அழைத்து வாருங்கள். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து, உணவும் நீரும் இறங்காத நாள்களில் வழக்கமான மாத்திரைகளும் மிகுதியாகிவிடும். அந்நாள்களில் நீர் மருந்தையும் டெல்மிசார்டன் போன்றவற்றையும் கொடுக்கலாமா என்று தொலைபேசியில் கேட்டறிந்த பின்னரே கொடுங்கள்.

அடுத்த முறை வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர்களை மட்டும் எழுதி வருவது போதாது. பழைய ஓ.பி. சீட்டுகள் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். ஒரு மாத்திரை எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதற்கான விடை பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். விழுந்த நாள், நேரம், விழுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற மூன்று விவரங்களையும் குறித்து வாருங்கள். அவற்றோடு படுத்தும் நின்றும் அளந்த நான்கு நாள் குறிப்பும் இருந்தால், முதல் சந்திப்பிலேயே எந்த மாத்திரையிலிருந்து தொடங்குவது என்று எங்களால் உங்களுடன் அமர்ந்து முடிவு செய்ய இயலும்.